போட்டதும் விழுகிறதா, பொறுத்து விழுகிறதா?

கீசர் ஸ்விட்சைப் போட்டால் எம்.சி.பி. விழுந்துவிடுகிறது என்று போனில் சொன்னால், விவரம் தெரிந்த வயர்மேன் முதலில் கேட்பது கீசர் எந்தக் கம்பெனி, வாங்கி எத்தனை வருஷம் என்பதை அல்ல. “போட்ட உடனே விழுதுங்களாம்மா, இல்ல கொஞ்ச நேரம் ஓடி விழுதுங்களா?” என்றுதான் கேட்பார். பெரும்பாலும் வரும் பதில், “அதையெல்லாம் யாருங்க பார்த்தா? குளிக்கப் போனா தண்ணி ஜில்லுனு இருக்குது.” வயர்மேனுக்கு வேண்டியது அந்த நேரக் கணக்குதான். எம்.சி.பி. எத்தனை நேரத்தில் விழுந்தது என்று தெரிந்தால், கோளாறு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதில் பாதி தெரிந்துவிடும்.

அந்தச் சின்னப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு காவல்கள் இருக்கின்றன. ஒன்று, இரண்டு உலோகங்களைச் சேர்த்து ஒட்டிய ஒரு தகடு. கரண்ட் அதன் வழியாகப் போகும்போது சூடேறும். சூடேறினால் ஒரு பக்க உலோகம் மறு பக்கத்தைவிட அதிகம் விரிவதால் தகடு வளையும். வளைவு ஓர் அளவைத் தாண்டினால் கொக்கியைத் தள்ளிவிட்டு இணைப்பைத் துண்டிக்கும். இது நிதானமான ஆள். கொஞ்சம் கூடுதல் கரண்ட் என்றால் பல நிமிடங்கள் பொறுத்துப் பார்க்கும். இன்னொன்று, கம்பி சுற்றிய சிறு காந்தச் சுருள். கரண்ட் திடீரென்று பல மடங்கு எகிறினால் இது ஒரு கணத்தில் கொக்கியைத் தட்டிவிடும். பொறுமை என்பதே கிடையாது.

எம்.சி.பி.யின் முகத்தில் ‘சி 16’ அல்லது ‘பி 16’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 16 என்பது அது நிரந்தரமாகத் தாங்கும் ஆம்பியர். முன்னால் இருக்கும் எழுத்து, காந்தச் சுருள் எந்த அளவில் பாயும் என்பதைச் சொல்கிறது. ‘பி’ வகை, குறித்த அளவின் மூன்று முதல் ஐந்து மடங்குக்குள் பாயும். ‘சி’ வகை ஐந்து முதல் பத்து மடங்குக்குள். ஆக, சி 16 என்றால் 80 ஆம்பியருக்குக் கீழே காந்தம் அசையாது. 160-ஐத் தொட்டால் கட்டாயம் தட்டும்.

இனி கீசருக்கு வருவோம். நம் வீடுகளில் அதிகம் இருக்கும் 15, 25 லிட்டர் தொட்டி கீசர்கள் பெரும்பாலும் 2000 வாட். 2000-ஐ 230 வோல்ட்டால் வகுத்தால் 8.7 ஆம்பியர். உடனடிச் சூடு தரும் 3 லிட்டர் கீசர்கள் பல 3000 வாட். அதற்கு 13 ஆம்பியர். இந்த இரண்டையுமே ஒரு 16 ஆம்பியர் எம்.சி.பி. சிரமமில்லாமல் தாங்கும். கீசரின் காயில் வெறும் மின்தடைக் கம்பி. மோட்டாரைப் போலவோ பிரிட்ஜின் கம்பிரசரைப் போலவோ கிளம்பும்போது பல மடங்கு கரண்ட் இழுக்கும் பழக்கம் அதற்கு இல்லை. முதல் விநாடியிலும் இருபதாம் நிமிடத்திலும் ஏறக்குறைய அதே 8.7 ஆம்பியர்தான். ஆகவே, “ஸ்டார்ட்டிங்ல கொஞ்சம் ஜாஸ்தி இழுக்கும் சார், அதான் விழுது” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஸ்விட்சைப் போட்ட கணத்திலேயே ‘டப்’பென்று விழுந்தால் அது காந்தச் சுருளின் வேலை. அதாவது 80 ஆம்பியருக்கு மேல் ஓடியிருக்கிறது. 230 வோல்ட்டில் அவ்வளவு கரண்ட் ஓட வேண்டுமென்றால், அந்தப் பாதையின் மொத்த மின்தடை 3 ஓமுக்கும் கீழே இருக்க வேண்டும். நல்ல நிலையில் உள்ள 2000 வாட் காயிலின் தடை சுமார் 26 ஓம். எனவே எங்கோ காயிலைச் சுற்றிக்கொண்டு ஒரு குறுக்குவழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். பிளக்குக்குள் உருகிய பிளாஸ்டிக், கீசரின் அடிமூடிக்குள் தண்ணீர் சொட்டி நனைந்த இணைப்பு, மூடித் திருகில் மாட்டி நசுங்கிய வயர், உடைந்த காயில் என்று இடங்கள் சில உண்டு. எதுவானாலும் அது நிஜமான ஷார்ட். மறுபடி மறுபடி எம்.சி.பி.யைத் தூக்கிவிட்டுப் பார்ப்பது அந்த இடத்தில் மறுபடி மறுபடி தீப்பொறி பறக்கவிடுவதுதான்.

கீசரா, வயரா என்று பிரித்துப் பார்ப்பது எளிது. எம்.சி.பி.யை இறக்கிவிட்டு, கீசர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மறுபடி எம்.சி.பி.யைத் தூக்கி, வெறும் பிளக் பாயிண்டின் ஸ்விட்சைப் போடுங்கள். அப்போதும் விழுந்தால் கோளாறு சுவருக்குள்ளோ பாயிண்டிலோ இருக்கிறது. விழவில்லை என்றால் அது கீசரோடு போய்விட்டது. இதுவரை யாரும் செய்யலாம். இதற்குமேல் மூடியைக் கழற்றுகிற வேலையெல்லாம் வயர்மேனுக்கானது.

ஆனால் வீட்டுக்காரர்களைக் குழப்புவது உடனே விழுகிற ரகம் அல்ல. பத்து நிமிடம், இருபது நிமிடம் ஒழுங்காக ஓடிவிட்டு விழுகிற ரகம்தான். ஒரு வீட்டின் காலை நேரத்தை எடுத்துக்கொள்வோம். குளியலறை கீசர், அதை ஒட்டிய சர்வீஸ் ஏரியாவின் பவர் பிளக், படுக்கையறையின் ஒரு பவர் பிளக் மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு 16 ஆம்பியர் எம்.சி.பி. பில்டர் செலவை மிச்சம் பிடித்த வீடுகளில் இது சகஜம். ஆறரை மணிக்கு 2000 வாட் கீசர் ஓடுகிறது. துணி துவைக்கும் இயந்திரம் வெந்நீர்த் திட்டத்தில் இருக்கிறது. அதன் உள் ஹீட்டரும் சுமார் 2000 வாட். இரண்டும் சேர்ந்து 17.4 ஆம்பியர். 16-ஐத் தாண்டிவிட்டதே, விழ வேண்டாமா? விழாது. எம்.சி.பி.க்கான தரநிலைப்படி, குறித்த அளவின் 1.13 மடங்கு வரை, அதாவது 18 ஆம்பியர் வரை, ஒரு மணி நேரத்துக்கு அது விழவே கூடாது.

இப்போது படுக்கையறையில் யாரோ 1000 வாட் இஸ்திரிப் பெட்டியைப் போடுகிறார்கள். மொத்தம் 21.7 ஆம்பியர். இதுதான் இரண்டுங்கெட்டான் எல்லை. 1.45 மடங்கு, அதாவது 23.2 ஆம்பியர் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் கட்டாயம் விழ வேண்டும் என்பது தரநிலை. 18-க்கும் 23-க்கும் நடுவில் விழலாம், விழாமலும் இருக்கலாம். பெட்டி இருக்கும் இடத்தின் வெக்கை, பக்கத்து எம்.சி.பி.கள் எவ்வளவு சூடாக இருக்கின்றன என்பதெல்லாம் அதைத் தீர்மானிக்கும். இதில் வோல்ட்டேஜும் விளையாடும். மின்தடைக் கம்பிக்கு வோல்ட்டேஜ் கூடினால் கரண்டும் அதே விகிதத்தில் கூடும். 230-க்குப் பதில் 245 வந்தால் அந்த 21.7 ஆம்பியர் 23.2 ஆகிவிடும். அதாவது கட்டாயம் விழ வேண்டிய எல்லையை எட்டிவிட்டது.

ஆனால் கீசர் ஒரு மணி நேரமா ஓடப்போகிறது? 25 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 2000 வாட் காயிலுக்கு ஏறக்குறைய 28 நிமிடம் ஆகும். அதன்பின் தெர்மோஸ்டாட் காயிலைத் துண்டித்துவிடும், கரண்டும் இறங்கிவிடும். எம்.சி.பி.க்குள் தகடு வளைந்து முடிவதற்கும் தெர்மோஸ்டாட் அணைவதற்கும் நடக்கிற போட்டி இது. மார்கழியில் தொட்டித் தண்ணீர் 20 டிகிரிக்கு இறங்கினால் அதே கீசர் 35 நிமிடம் ஓடும். ஏழு நிமிடம் கூடுதல். தகட்டுக்கு அந்த ஏழு நிமிடம் போதும். “குளிர்காலத்துல மட்டும் விழுது, வெயில்காலத்துல விழறதே இல்ல” என்று சொல்லும் வீடுகளில் பேய் பிசாசு எதுவும் இல்லை, இந்தக் கணக்குதான்.

பழியும் கீசர் மேல்தான் விழும். ஏனென்றால் மூன்றில் கடைசியாகக் குளிர்ந்த தண்ணீரில் மாட்டுகிறவர் குளிக்கப் போனவர். இஸ்திரி போட்டவர் தன் வேலையை முடித்துவிட்டார். இங்கே கோளாறு என்று எதுவுமே இல்லை. எம்.சி.பி. தன் வேலையைச் செய்கிறது. கீசருக்கென்று தனி வயர் இழுத்துத் தனி எம்.சி.பி. போடுவதுதான் தீர்வு. அதுவரை இஸ்திரியைக் குளியலுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அந்த நேரத்தில்தான் ஒருவர் வந்து “16 பத்தல சார், 32 போட்டுட்டா பிரச்சினையே இல்ல” என்பார். பிரச்சினை இருக்காதுதான், எம்.சி.பி.க்கு. சுவருக்குள் ஓடும் வயருக்கு? பவர் பிளக்குகளுக்கு வழக்கமாகப் போடுவது 2.5 ஸ்கொயர் செப்பு வயர். குழாய்க்குள் மற்ற வயர்களோடு நெருக்கிக்கொண்டு போகையில் அது 20 ஆம்பியர் அளவுக்குத்தான் நிம்மதியாகத் தாங்கும். பழைய வீடுகளில் 1.5 ஸ்கொயரே ஓடுவதும் உண்டு. 32 ஆம்பியர் எம்.சி.பி.யோ 46 ஆம்பியர் ஓடினால்கூடக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டு இருக்கலாம் என்பதுதான் தரநிலை. அதற்குள் வயரின் மேலுறை இளகிவிடும். எம்.சி.பி.யின் எண்ணைத் தீர்மானிப்பது கீசர் அல்ல, வயர். எண்ணைக் கூட்ட வேண்டுமென்றால் முதலில் வயரை மாற்ற வேண்டும்.

சரி, அந்தப் பாதையில் வேறு எதுவுமே ஓடவில்லை. 2000 வாட் கீசர் மட்டும் தனியாக, 8.7 ஆம்பியரில் ஓடுகிறது. ஆனாலும் கால் மணி நேரத்தில் 16 ஆம்பியர் எம்.சி.பி. விழுகிறது என்றால்? கணக்குப்படி நடக்கவே கூடாதது. எனக்கு இந்தக் கோளாறின் மேல் தனி மரியாதை உண்டு. கெட்டிக்கார வயர்மேன்களையே கீசரைக் கழற்றவைத்து அலைக்கழிப்பது இதுதான்.

நினைவிருக்கட்டும், அந்தத் தகட்டுக்கு ஆம்பியர் தெரியாது. சூடு மட்டுமே தெரியும். சூடு கரண்டிலிருந்து வந்ததா, வெளியிலிருந்து வந்ததா என்று அது பிரித்துப் பார்க்காது. எம்.சி.பி.யின் அடியில் வயரை இறுக்கும் திருகு கொஞ்சம் தளர்ந்திருந்தால், அந்த ஒட்டுமிடத்தில் மின்தடை ஏறும். 0.3 ஓம் ஏறியது என்று வைத்துக்கொள்வோம். கரண்டின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் வெப்பம் கிடைக்கும். 8.7 ஆம்பியருக்கு அது சுமார் 23 வாட். ரேடியோ ரிப்பேர்க்காரர் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்னே 25 வாட்தான். அப்படி ஒன்றை எம்.சி.பி.யின் காலடியில் செருகி வைத்த மாதிரி. அந்த வெப்பம் உள்ளே ஏறித் தகட்டை வளைத்துவிடுகிறது. கரண்ட் அளவுக்குள்தான் இருக்கிறது, எம்.சி.பி. விழுகிறது.

திருகு ஏன் தளர்கிறது? கீசர் தினமும் சூடாகிக் குளிர்கிற மாதிரி, அந்த இணைப்பும் தினமும் விரிந்து சுருங்குகிறது. வயரிங் செய்தவர் உறையைச் சரியாக உரிக்காமல், பிளாஸ்டிக்கோடு சேர்த்துத் திருகை இறுக்கியிருக்கலாம். இழைகளில் பாதியை வெட்டிவிட்டு மீதியை மட்டும் நுழைத்திருக்கலாம். பழைய அலுமினிய வயர் என்றால் கேட்கவே வேண்டாம். அது அழுத்தத்துக்கு நாளடைவில் பிதுங்கிக் கொடுத்துவிடும்.

கண்டுபிடிக்க வழிகள் உண்டு. எம்.சி.பி. விழுந்ததும், டி.பி. பெட்டியின் முகப்பு மூடியைக் கழற்றாமல், அதன் பிளாஸ்டிக் முகத்தைப் புறங்கையால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவை வெதுவெதுப்பாக இருக்க, இது மட்டும் கை வைக்க முடியாத அளவு சுட்டால் சந்தேகம் உறுதி. கருகல் வாசனை, மெல்லிய ‘கிர்ர்’ சத்தம், பிளாஸ்டிக்கில் பழுப்பேறிய கறை இவையும் சாட்சி. மெயினை அணைத்துவிட்டுத்தான் வயர்மேன் திறக்க வேண்டும். திருகை இறுக்கிவிட்டால் மட்டும் போதாது. கறுத்துப்போன செப்பை வெட்டி எறிந்துவிட்டுப் புதுமுனை உரித்துப் பூட்ட வேண்டும். சூட்டில் வெந்த எம்.சி.பி.யையும் மாற்றிவிடுவது நல்லது. எம்.சி.பி. பழசாகிவிட்டதா என்று யோசிக்க வேண்டிய இடமும் இதுதான், அதற்கு முன்னால் அல்ல.

இதில் ஒரு விபரீதம் இருக்கிறது. இதே தளர்வு எம்.சி.பி.யின் காலில் இல்லாமல், குளியலறை பிளக் பாயிண்டிலோ கீசரின் பிளக்கிலோ இருந்தால் எம்.சி.பி. விழாது. தளர்ந்த இணைப்பு கரண்டைக் கூட்டுவதில்லை. காயிலோடு வரிசையில் நிற்கிற கூடுதல் தடை என்பதால் இம்மி குறைக்கவே செய்யும். அந்த 23 வாட் வெப்பம் எம்.சி.பி.யிலிருந்து பத்து மீட்டர் தள்ளி, சுவரில் எரிகிறது. பெட்டியில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. பிளாஸ்டிக் உருகி இரண்டு உலோக முனைகள் தொட்டுக்கொள்ளும் நாளில்தான் காந்தச் சுருள் தட்டும். ஆகவே சில வாரங்களாகக் குளியலறைப் பக்கம் கருகல் வாசனை வந்து, பிறகு ஒருநாள் போட்டவுடனே எம்.சி.பி. விழ ஆரம்பித்தால், கீசரைத் தொடுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கி அதன் பின்களைப் பார்ப்பதுதான் முறை.

இன்னும் காயிலைப் பற்றிச் சொல்லவில்லை. காயில் என்பது ஓர் உலோகக் குழாய். அதன் நடுவில் நிக்ரோம் கம்பிச் சுருள். கம்பிக்கும் குழாய்க்கும் இடையில் மக்னீசியம் ஆக்ஸைடு தூளைக் கெட்டித்து வைத்திருப்பார்கள். இந்தத் தூள் வெப்பத்தைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. போர் தண்ணீர் ஓடும் வீடுகளில் குழாயின் மேல் உப்பு படிந்து கல்போல் இறுகும். உள்ளே பிறக்கும் வெப்பம் தண்ணீருக்குள் இறங்க வழியில்லாமல் குழாய் அளவுக்கு மேல் சுட்டு, வெடிப்பு விடும். தண்ணீர் இல்லாமல் கீசரைப் போட்டாலும் இதே கதிதான், இன்னும் வேகமாக. வெடிப்பில் தண்ணீர் நுழைந்தால் தூள் ஈரமாகி, பேஸ் குழாய்க்கு வந்து, குழாயிலிருந்து கீசரின் உடம்புக்கும் எர்த் வயருக்கும் போகும்.

எர்த் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் எம்.சி.பி. நடந்துகொள்ளும். வீட்டுக்கென்று தோண்டிய எர்த் குழி காய்ந்து, அதன் தடை 20 ஓம் என்று ஆகியிருந்தால், காயிலின் தடை குறுக்கே வராவிட்டால்கூட 230 வோல்ட்டில் ஓடுவது 11.5 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது ஒரு விஷயமே அல்ல. கீசர் உடம்பிலும் ஷவர் குழாயிலும் மின்சாரம் இருக்கும், எம்.சி.பி. நிமிர்ந்து நிற்கும். குழி நன்றாக இருந்து 5 ஓம் என்றால் 46 ஆம்பியர் வரை போகலாம். அப்போது தகடு சில விநாடிகளிலிருந்து ஒரு நிமிடத்துக்குள் விழும். உடனேயும் இல்லாமல், பத்து நிமிடமும் ஆகாமல், இந்த நடுவாந்தர நேரத்தில் விழுந்தால் காயிலின் மேல் சந்தேகப்படலாம்.

பிளக்கைப் பிடுங்கி மல்ட்டி மீட்டரை அதன் பின்களில் வைத்தால், ஸ்விட்சும் தெர்மோஸ்டாட்டும் இணைந்த நிலையில் 2000 வாட் கீசர் 26 ஓம் காட்ட வேண்டும், 3000 வாட் என்றால் 17 அல்லது 18. எர்த் பின்னுக்கும் மற்ற இரண்டுக்கும் நடுவில் எதுவுமே காட்டக் கூடாது. ஆனால் மல்ட்டி மீட்டரின் சின்ன பேட்டரிக்கு ஈரத் தூள் மசியாமல் போகலாம். 500 வோல்ட் மெகர் வைத்துப் பார்த்து, ஒரு மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் காயிலை மாற்ற வேண்டியதுதான்.

காயில் ஒழுக்கை எம்.சி.பி. பிடிக்கும் என்று நம்பி இருக்க முடியாது என்பதால்தான் ஆர்.சி.சி.பி. இருக்கிறது. பேஸில் போன கரண்டும் நியூட்ரலில் திரும்பியதும் ஒன்றுதானா என்று பார்த்து, 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே துண்டித்துவிடும். பலர் இதை விழக்கண்டு “எம்.சி.பி. விழுகிறது” என்கிறார்கள். அதன் முகத்தில் ‘டி’ என்று எழுதிய ஒரு சின்ன சோதனைப் பொத்தான் இருக்கும். எம்.சி.பி.யில் இருக்காது. விழுந்தது பொத்தான் உள்ள பெட்டி என்றால், ஓவர்லோடு, தளர்ந்த திருகு பற்றியெல்லாம் யோசிக்க வேண்டாம், எங்கோ எர்த்துக்கு ஒழுக்கு இருக்கிறது. பொத்தானை மாதம் ஒருமுறை அமுக்கி அது விழுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆர்.சி.சி.பி. உள்ள வீடுகளில் இன்னொரு வேடிக்கை நடக்கும். கீசர் ஸ்விட்சை அணைத்த பிறகும் மிக்ஸியைப் போட்டால் விழும், பிரிட்ஜ் ஓடத் தொடங்கினால் விழும். ஒற்றை ஸ்விட்ச் பேஸை மட்டுமே துண்டிக்கிறது. காயிலின் நியூட்ரல் முனையில் வெடிப்பு இருந்தால், மற்ற சாதனங்களிலிருந்து திரும்பும் கரண்டில் ஒரு பங்கு அந்த வழியாக எர்த்துக்கு நழுவுகிறது. வயர்மேன் மிக்ஸியைப் பிரித்துப் பார்க்க உட்காருவதற்கு முன், கீசரின் பிளக்கையே சுவரிலிருந்து பிடுங்கி வைத்துவிட்டு மிக்ஸியை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.